ஐந்து கட்டி ஒன்பது முப்பது வாங்கினால் எத்தனை சதவீதம்?

பெங்களூரில் எச்.ஏ.எல்., பி.இ.எல்., பி.இ.எம்.எல். போன்ற ஆலைகளில் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தும், ஆண்டுதோறும் கிளைக்கு நேரில் போய்க் கட்டியும் 2005 வாக்கில் எண்டோமென்ட் பாலிசி எடுத்தவர்களின் இருபது ஆண்டுக் கெடு இப்போது முடிந்துவருகிறது. முதிர்வுப் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் அவர்கள் முகவரிடமோ வரி ஆலோசகரிடமோ கேட்கும் முதல் கேள்வி, “இதுல எனக்கு வருஷத்துக்கு எத்தனை பர்சன்ட் கெடைச்சிருக்கு?” என்பதுதான். ஒரே பாலிசிக்கு நம் தொழிலில் நான்கு பேர் நான்கு பதில் சொல்கிறோம். அவற்றில் ஒன்றுதான் சரி.

முழு எண்களாக்கிய ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். காப்புத் தொகை 5,00,000 ரூபாய், காலம் 20 ஆண்டு, பிரீமியம் ஆண்டுக்கு 25,000. முதல் தவணை 2005-இல், இருபதாவது தவணை 2024-இல், முதிர்வு 2025-இல். மொத்தம் கட்டியது 5,00,000. போனஸ் ஆயிரத்துக்குச் சராசரி 42 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 21,000. இருபது ஆண்டுக்கு 4,20,000. இறுதிக் கூடுதல் போனஸ் 10,000. ஆக, கைக்கு வந்தது 9,30,000 ரூபாய்.

முதல் பதில்: லாபம் 4,30,000, அதாவது 86 சதவீதம்; இருபதால் வகுத்தால் ஆண்டுக்கு 4.3. இரண்டாவது பதில் கூட்டு வட்டி தெரிந்தவருடையது: 5 லட்சம் இருபது ஆண்டில் 9.3 லட்சமானால் ஆண்டுக்கு 3.15. இரண்டு பேரும் செய்யும் பிழை ஒன்றுதான். ஐந்து லட்சமும் 2005-லேயே மொத்தமாகக் கட்டப்பட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் முதல் தவணைதான் இருபது ஆண்டு உள்ளே இருந்தது. கடைசித் தவணை இருந்தது ஒரே ஆண்டு. சராசரியாக ஒரு தவணை பத்தரை ஆண்டுதான் உள்ளே இருந்திருக்கிறது.

மூன்றாவது பதில் இந்தப் பத்தரையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. 86-ஐப் பத்தரையால் வகுத்து, ஆண்டுக்கு 8.2 என்கிறது. விற்பனைப் பேச்சில் இது இனிக்கும். ஆனால் இது தனி வட்டி. வங்கியோ பி.பி.எஃபோ சொல்லும் கூட்டு வட்டி விகிதத்தின் பக்கத்தில் இதை வைக்கவே கூடாது.

சரியான பதில், ஒவ்வொரு தவணையையும் அதனதன் தேதியிலிருந்து வளர்த்து, கூட்டினால் 9,30,000 வரச் செய்யும் விகிதம். எக்செலில் ஒரே வரி:

```
=RATE(20,-25000,0,930000,1)
```

விடை 5.6 சதவீதம். கடைசியில் உள்ள `1`, பிரீமியம் ஆண்டின் தொடக்கத்தில் கட்டப்படுகிறது என்பதைச் சொல்கிறது. அதை விட்டுவிட்டால் எக்செல் பிழை காட்டாது, 6.1 என்று விடை தரும். கடைசித் தவணையைக் கட்டிய அன்றே முதிர்வுப் பணமும் வந்துவிட்டதாக அது எடுத்துக்கொள்வதால் வரும் வேறுபாடு அது. நம் கைக்கு வரும் தாள்களில் அடிக்கடி காணும் தவறு இதுவே.

இடையிடையே பணம் திரும்பும் மணி பேக் பாலிசிக்கும், தவணை தவறித் தாமதக் கட்டணத்தோடு புதுப்பித்த பாலிசிக்கும் `RATE` போதாது. தேதியையும் தொகையையும் இரண்டு பத்தியாக எழுதி, கட்டியதைக் கழித்தல் குறியோடு போட்டு `XIRR` எடுக்க வேண்டும். பாலிசியின் மேல் கடன் இருந்திருந்தால் டிஸ்சார்ஜ் வவுச்சரில் கழிவு போக உள்ள நிகரத் தொகையை முதிர்வாக எடுக்கக் கூடாது. கடன் வாங்கிய நாளில் அந்தப் பணம் வாடிக்கையாளர் கைக்கு வந்திருக்கிறது. கழிவுக்கு முந்தைய தொகையை வைத்தே பாலிசியின் விகிதத்தைப் பார்க்க வேண்டும். கடனின் கணக்கு தனி. பிரீமியம் ரசீதில் வரி தனியாக இருந்தால் அதையும் கட்டியதில் சேர்க்க வேண்டும். தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. நீங்கியது 2025 செப்டம்பர் 22-இல்தான்.

ஆயிரத்துக்கு 42 போனஸ், காப்புத் தொகையோ கட்டியதற்குச் சமம், பிறகு ஏன் 5.6-இல் நிற்கிறது? போனஸ் காப்புத் தொகையின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. சேர்ந்த போனஸுக்கு மேல் போனஸ் இல்லை. முதல் ஆண்டில் அறிவித்த 21,000 ரூபாய் 2025-இலும் அதே 21,000தான். 25,000 கட்டியவருக்கு முதல் ஆண்டே 21,000 போனஸ் என்று கடிதம் வரும்போது அது பெரிதாகத் தெரிகிறது. இருபது ஆண்டு தள்ளிக் கைக்கு வரப்போகும் 21,000-இன் அன்றைய மதிப்பு அதில் ஒரு பகுதிதான்.

5.6-ஐச் சொன்னதும் வாடிக்கையாளர் பி.பி.எஃபோடு ஒப்பிடுவார். 2005-இல் அதன் வட்டி 8 சதவீதம். 2020 ஏப்ரல் முதல் 7.1. ஒப்பிடுவதில் தவறில்லை, ஆனால் நியாயமாக ஒப்பிட வேண்டும். 25,000-இல் ஒரு பகுதி இறப்புக் காப்புக்குப் போனது. அதே வயதில் ஐந்து லட்சத்துக்குத் தனி டெர்ம் பாலிசி ஆண்டுக்கு 2,000 ஆகியிருக்கும் என்று வைத்தால், சேமிப்புக்குப் போனது 23,000. அதே சூத்திரத்தில் 23,000 போட்டால் விடை 6.3. பி.பி.எஃபின் பக்கத்தில் நிற்க வேண்டியது இந்த எண். டெர்ம் கட்டணத்தைக் கற்பனையாக ஏற்றி இந்த எண்ணைக் கூட்டிக்காட்டவும் முடியும் என்பதால், எந்த வயதுக்கு, என்ன கட்டணம் எடுத்தோம் என்பதைத் தாளிலேயே எழுதிவிட வேண்டும். 80சி வரிச்சலுகையை எண்டோமென்ட் பக்கம் மட்டும் சேர்ப்பதும் சரியில்லை; அது பி.பி.எஃபுக்கும் உண்டு.

முதிர்ந்த பாலிசிக்கு இந்தக் கணக்கு ஒரு தீர்ப்பு மட்டுமே. இனி எதையும் மாற்ற முடியாது. பயன் தருவது விற்கும் நாளில். முன்மொழிவோடு தரும் பலன் விளக்க அட்டவணையில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு பத்திகள் இருக்கும். அவை நிறுவனத்தின் முதலீடு ஈட்டுவதாக வைத்துக்கொண்ட விகிதங்கள். காப்புச் செலவும் நிர்வாகச் செலவும் கமிஷனும் போன பிறகு வாடிக்கையாளருக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஆனால் 8 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்தவர் தனக்கு 8 என்றே நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார். நம்மில் பலர் அதைத் திருத்துவதும் இல்லை.

எனவே நாம் முன்வைப்பது ஒரு சிறிய வழக்கம். அந்த இரண்டு பத்திகளிலும் உள்ள முதிர்வுத் தொகையை எடுத்து, ஆண்டுப் பிரீமியத்தைப் போட்டு, மேலே சொன்ன ஒரே வரியால் விகிதம் கண்டுபிடித்து, பத்தியின் அடியில் பேனாவால் எழுதிக் கொடுங்கள். அதைப் பார்த்த பிறகும் காப்புக்காகவும் கட்டாயச் சேமிப்புக்காகவும் பாலிசி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாலிசியை நடுவில் விடுவது குறைவு. எண்ணைப் பார்த்துப் பின்வாங்குபவர் இன்று நமக்கு ஒரு கமிஷன் நஷ்டம்தான். ஆனால் மூன்றாம் ஆண்டில் சரண்டர் படிவத்தோடு வந்து நிற்கும் வாடிக்கையாளராக அவர் ஆகமாட்டார்.