சோறு வேறு, அரிசி வேறு

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்திலேயே எனக்கு ஒரு குறை உண்டு. வயலில் அறுத்ததை நாம் நெல் என்போம், குத்திய பின் அரிசி, வடித்த பின் சோறு. பிரெஞ்சுக்காரர்களுக்கு எல்லாமே 'ரி'தான். ஆங்கிலத்திலும் எல்லாம் 'ரைஸ்'. வாத்தியார் பலகையில் எழுதிப்போடும்போது இது சின்ன விஷயமாகத்தான் இருந்தது. எழுபது வயதைத் தாண்டிய பின், என் பேத்தியின் கால் எலும்பு விஷயத்தில் அது பெரிதாக வந்து நின்றது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பேத்திக்கு 24 வயது, எடை 55 கிலோ. மாரத்தான் ஓட வேண்டுமென்று பயிற்சி செய்கிறாள். திங்களும் வெள்ளியும் ஓய்வு. செவ்வாய் 10 கிலோமீட்டர், புதன் 14, வியாழன் 8, சனி 12, ஞாயிறு 26. கூட்டினால் வாரத்துக்கு 70. கடற்கரைச் சாலையில் காலையில் வண்டிகள் விடாத நேரமாகப் பார்த்து ஓடுவாள். நம் வயதுக்காரர்கள் இரண்டு சுற்று நடந்துவிட்டுக் காபி குடிக்கப் போகும் அதே சாலைதான்.

பயிற்சி தந்தவர் ஆங்கிலத்தில் ஒரு உணவுச் சீட்டு கொடுத்திருந்தார். மதியம் ரைஸ் 150 கிராம், இரவு ரைஸ் 150 கிராம் என்றிருந்தது. அவர் மனதில் இருந்தது அரிசி. பேத்தி தராசில் நிறுத்தது சோறு. 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறாகும். அதாவது அவர் சொன்னதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அவள் தட்டில் விழுந்தது. 300 கிராம் அரிசியில் ஆயிரத்துச் சொச்சம் கலோரி உண்டு. 300 கிராம் சோற்றில் 400 கூட இல்லை. நாளொன்றுக்கு 650 கலோரி துண்டு விழுந்தது.

ஓட்டத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி. 55-ஐ 70-ஆல் பெருக்கினால் 3,850. நாளுக்குப் பங்கிட்டால் 550. அரிசியாகச் சொன்னால் வாரத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இது ஓட்டத்துக்கு மட்டும். மூச்சு விட, வேலைக்குப் போக, உடம்பு தன்னைப் பழுது பார்க்க எல்லாம் தனிச் செலவு. ஆக, ஓட்டத்துக்கு வேண்டியதைவிட அதிகமாகவே அவள் தினமும் குறைத்துச் சாப்பிட்டாள்.

பற்றாக்குறை பட்ஜெட்டில் அரசாங்கம் முதலில் நிறுத்துவது பராமரிப்பு வேலையை. உடம்பும் அப்படித்தான். முதலில் தூக்கம் கெட்டது. காலையில் எழுந்ததும் பார்க்கும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏறி நின்றது. எடை இரண்டு கிலோ குறைந்ததும் "ஓட்டம் வேலை செய்யுது தாத்தா" என்று சந்தோஷப்பட்டாள். பிறகு முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் ஒரே இடத்தில் வலி. தசை வலியென்றால் பரவலாக இருக்கும், கொஞ்சம் நடந்தால் தளரும். இது ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, ஓட ஓட ஏறும் வலி. மருத்துவமனையில் அந்தப் பெண் மருத்துவர் காலைத் தொடுவதற்கு முன் கேட்ட கேள்வி, "மாதவிலக்கு சரியா வருதா?" மூன்று மாதமாக வரவில்லை. சாப்பாடு போதாமல் ஓடும் பெண்களுக்கு முதலில் அது நிற்குமாம், அதோடு எலும்பைக் காக்கும் ஹார்மோனும் குறையுமாம். எலும்பு முறியவில்லை, முறிவுக்கு முந்திய நிலை. ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார்.

அந்த ஆறு வாரத்தில் கணக்கை நான் எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் பேரேடு எழுதிய கைக்கு இது புதிதல்ல. தராசை உள்ளே வைத்துவிட்டுப் பழைய ஆழாக்கை எடுத்தேன். அதில் தலைதட்டி அளந்த அரிசி 140 கிராம் வருகிறது. ஓய்வு நாளில் ஒன்றே முக்கால் ஆழாக்கு, சாதாரண ஓட்ட நாளில் இரண்டரை, ஞாயிற்றுக்கிழமை மூன்றேகால். எல்லாம் அரிசிக் கணக்கு, உலையில் போடுமுன் அளப்பது. இரண்டரை ஆழாக்கென்றால் காலை இட்லி மாவில் அரை, மதியம் ஒன்று, இரவு ஒன்று. மறுபடி 70 கிலோமீட்டருக்கு மெல்ல மெல்ல ஏறிய பின்னும் இதே அளவுதான்.

புரதம் அவள் எடைக்கு நாளொன்றுக்கு 80 கிராம் போதும். இதற்கு டப்பா மாவு வேண்டாமென்பது என் கட்சி. அரிசியிலும் இட்லி உளுந்திலும் சேர்த்து 25 கிராம் வந்துவிடுகிறது. இரண்டு முட்டையில் 12, கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஒரு கைப்பிடித் துவரம்பருப்பில் 7, இரண்டு டம்ளர் பாலில் 13. மீதிக்கு ஐந்தாறு மத்தி மீன். மீன் இல்லாத நாளில் கொண்டைக்கடலைச் சுண்டலும் தயிரும் கூடும். ஆனால் எல்லாவற்றையும் மதியமே கொட்டிவிட்டால் பயன் குறைவு. வேளைக்கு 20 கிராம் என்று நான்காகப் பிரித்தால் தசை பழுது பார்க்கும் வேலை நாள் முழுக்க நடக்கும். ராத்திரிப் பால் அந்த நான்காவது வேளையில் சேர்த்தி.

கொழுப்பைப் பற்றி வீட்டில் பெரிய சண்டையே வந்தது. எண்ணெயைச் சுத்தமாக விட்டுவிடுகிறேன் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஹார்மோன் உண்டாவதற்கே கொழுப்பு வேண்டும், அதுவும் அவளுக்கு நின்றிருந்ததே அதுதான். நாளுக்கு 55 முதல் 65 கிராம். கடலை, முட்டை, பால், மத்தி இவற்றிலேயே பாதிக்கு மேல் வந்துவிடும், மீதி சமையல் நல்லெண்ணெயில். இடம் அறிந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். கொழுப்பு வயிற்றில் மெதுவாக இறங்கும். ஞாயிறு விடியற்காலை நெய்ப் பொங்கல் தின்றுவிட்டு ஓடினால் பத்தாவது கிலோமீட்டரில் நெஞ்சைக் கரிக்கும். அதனால் ஓடுமுன் மூன்று இட்லி சர்க்கரை தொட்டு, ஒரு வாழைப்பழம். வழியில் அரைமணிக்கு ஒருதரம் இரண்டு பேரீச்சம்பழமும், உப்புச் சேர்த்த வெல்லத் தண்ணீரும். வீடு திரும்பி ஒரு மணி நேரத்துக்குள் அதே நெய்ப் பொங்கல், இரண்டு அவித்த முட்டையோடு. நல்ல பசியில் சாப்பிடுவதைப் பார்க்கவே சந்தோஷம்.

இதை நான் எழுதக் காரணம் சீட்டு எழுதியவர் மட்டுமல்ல. விசேஷ வீடுகளில் நம் ஆட்கள் பேசுவதும்தான். "சோத்தைக் குறைம்மா, எல்லாம் சர்க்கரை" என்று அவள் இலையைப் பார்த்துச் சொல்கிறார்கள். அந்த வசனம் எனக்குச் சரி, சர்க்கரை நோய்க்கு இருபது வருடமாக மாத்திரை விழுங்குகிறேன், எனக்கு மதியம் ஒரு கரண்டிச் சோறுதான். எனக்கான மருந்துச் சீட்டை அவள் கையில் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? ஞாயிறு ஒருநாள் 26 கிலோமீட்டருக்கு அவள் செலவிடுவது 1,400 கலோரி. அது ஏறக்குறைய மூன்று ஆழாக்கு அரிசி. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அன்று செய்த உழைப்பு மண்டபத்துப் படி ஏறியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓடும் பிள்ளை இருந்தால், கையில் ஒரு சீட்டும் இருந்தால், 'ரைஸ்' என்ற இடத்தில் அரிசியா சோறா என்று கொடுத்தவரிடமே கேட்டுத் தமிழில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் என் மருமகள் அதைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறாள். பேத்திக்கு இரண்டரை மாதத்தில் மாதவிலக்கு திரும்பியது. எடை பழைய 55-க்கு வந்திருக்கிறது. எலும்பை அழுத்திப் பார்த்தால் வலியில்லை, ஆனாலும் மருத்துவர் இன்னும் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.