பெட்டியில் 144, திரையில் 60: குறை திரையில் இல்லை

என் அக்காள் மகன் கடந்த மாதம் புதிய கணினித் திரை ஒன்றை வாங்கினான். 4கே தெளிவு, 144 ஹெர்ட்ஸ் வேகம் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. விலை இரண்டாயிரம் ரிங்கிட்டை ஒட்டி. வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தால் வேகப் பட்டியலில் 60 ஹெர்ட்ஸ்தான் கடைசி எண். 144ஐக் காணோம். "மாமா, ஏமாற்றிவிட்டார்கள்" என்று தொலைபேசியில் அழைத்தான்.

கடையில் கேட்டபோது கேபிளை மாற்றச் சொன்னார்கள். நூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து நல்ல கேபிளாக வாங்கிச் செருகினான். அப்போதும் 60தான். திரையில் பழுது இல்லை, பழைய கேபிளிலும் பழுது இல்லை. அப்படியானால் அந்த 144 எங்கே போனது? ஒரு தாளும் எழுதுகோலும் இருந்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

4கே திரையில் குறுக்கே 3840 புள்ளிகள், நெடுக்கே 2160 புள்ளிகள். பெருக்கினால் ஏறக்குறைய 83 லட்சம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவைச் சொல்ல வேண்டும். நிறத்துக்கு 8 பிட் என்றால் புள்ளிக்கு 24 பிட். ஆக, ஒரே ஒரு படத்துக்கு ஏறக்குறைய 20 கோடி பிட். 60 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 60 படங்கள். அதாவது வினாடிக்கு 12 கிகாபிட். 144 ஹெர்ட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 29 கிகாபிட்.

இது படத்துக்கு மட்டுமான கணக்கு. ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு படத்துக்கும் இடையில் சிறிது வெற்று நேரம் விடப்படுகிறது. பழைய குழாய்த் தொலைக்காட்சிக் காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. அதையும் சேர்த்தால் வழக்கமான 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 14.26 கிகாபிட் ஆகிறது. 144 ஹெர்ட்ஸுக்கு, வெற்று நேரத்தை எவ்வளவு சுருக்கினாலும், 31 கிகாபிட்டைத் தாண்டுகிறது.

இப்போது குழாயின் அகலத்தைப் பார்ப்போம். அவனுடைய மடிக்கணினியில் இருப்பது எச்டிஎம்ஐ 2.0 வகைத் துளை. 2013இல் வந்த அந்தத் தரத்தின் உச்ச வேகம் வினாடிக்கு 18 கிகாபிட். ஆனால் அந்த 18 முழுவதும் படத்துக்குக் கிடைப்பதில்லை. கம்பியில் பிழையின்றிச் செல்வதற்காக ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாற்றி அனுப்பப்படுகிறது. ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். மிச்சம் 14.4 கிகாபிட்.

14.26ஐயும் 14.4ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 4கே 60 ஹெர்ட்ஸ் அந்தத் துளையில் நூலிழை இடைவெளியில் நுழைகிறது. அதற்கு மேல் ஒன்றும் நுழையாது. தங்கக் கம்பியில் கேபிள் செய்து மாட்டினாலும் நுழையாது. ஏனென்றால் தடை கம்பியில் இல்லை. மடிக்கணினிக்குள் இருக்கும் சில்லில் இருக்கிறது. நூறு ரிங்கிட் வீணானது இப்படித்தான்.

கேபிளால் சிக்கல் வருவதே இல்லையா என்றால், நிச்சயம் வரும். ஆனால் அதன் அறிகுறி பெரும்பாலும் வேறு மாதிரி. விண்டோஸில் Settings, System, Display, Advanced display என்று வரிசையாகப் போனால் திரையின் இப்போதைய வேகமும், தேர்ந்தெடுக்கக்கூடிய வேகங்களின் பட்டியலும் தெரியும். பட்டியலில் 144 இருக்கிறது, ஆனால் தேர்ந்தெடுத்தால் திரை விட்டுவிட்டு இருண்டுபோகிறது அல்லது வெள்ளைப் பொட்டுகள் மின்னுகின்றன என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். நீளமான கேபிள் என்றால் இன்னும் அதிகமாகச் சந்தேகியுங்கள். பட்டியலில் 144 என்ற எண்ணே இல்லை என்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு முனையின் துளைதான் காரணம்.

உறுதி செய்ய இன்னொரு எளிய சோதனை உண்டு. தெளிவை 2560 × 1440 ஆகக் குறைத்துப் பாருங்கள். அவனுடைய மடிக்கணினியில் அப்படிச் செய்ததும் 144 ஹெர்ட்ஸ் பட்டியலில் வந்து நின்றது. புள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியதால் தரவு 14.4க்குள் அடங்கிவிட்டது. திரைக்கு 144 தெரியும், துளைக்குத்தான் முடியவில்லை என்பது அந்த ஒரே நிமிடத்தில் தெளிவானது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவன் மறுபடியும் கடைக்குப் போனான். அங்கிருந்த பழுதுபார்ப்பவர் மடிக்கணினியின் கிராபிக்ஸ் அமைப்பைத் திறந்து எதையோ மாற்றினார். உடனே 4கே 120 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது. மகிழ்ச்சியாகத் திரும்பினான். இரண்டு நாள் கழித்து மீண்டும் அழைத்தான். "மாமா, விளையாட்டெல்லாம் நன்றாக ஓடுகிறது. ஆனால் எழுத்து படிக்கும்போது கண் வலிக்கிறது."

போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து ஓரளவு சரியாகவே இருந்தது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தும் நீல எழுத்தும் ஓரம் கரைந்து, ஈரத் தாளில் மை ஊறியதுபோல் தெரிந்தன. Advanced display பக்கத்தில் நிற வடிவம் என்ற இடத்தில் YCbCr420 என்று இருந்தது. அங்கே RGB என்று இருந்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். 4:2:0 என்ற முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தின் அளவு தனித்தனியாக அனுப்பப்படும். நிறமோ நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே ஒரு முறைதான் அனுப்பப்படும். இதனால் தரவு சரியாகப் பாதியாகிறது. 120 ஹெர்ட்ஸ் படம் 60 ஹெர்ட்ஸ் படத்தின் இடத்தில் அடங்கிவிடுகிறது. திரைப்படம் பார்க்க இது போதும். படங்களைச் சேமிப்பதும் ஒளிபரப்புவதும் பெரும்பாலும் இந்த முறையில்தான். நாள் முழுவதும் எழுத்தையும் கட்டங்களையும் பார்க்கும் கணினித் திரைக்கு இது பொருந்தாது. வேகத்தைக் கொடுத்துவிட்டு நிறத்தின் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டார்கள். அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

முடிவில் தீர்வு மடிக்கணினியிலேயே இருந்தது. அதன் யுஎஸ்பி-சி துளை டிஸ்பிளே போர்ட் 1.4 சைகையையும் அனுப்பக்கூடியது. அதன் உச்சம் 32.4 கிகாபிட், படத்துக்குக் கிடைப்பது 25.92. ஒரு முனையில் யுஎஸ்பி-சி, மறுமுனையில் டிஸ்பிளே போர்ட் உள்ள கேபிளை நேராக மாட்டியதும் 144 வந்தது, எழுத்தும் கூர்மையாக இருந்தது. 31 கிகாபிட் எப்படி 25.92இல் நுழைந்தது என்று நீங்கள் கேட்பது சரியான கேள்வி. இங்கே டிஎஸ்சி என்ற சுருக்கும் முறை வேலை செய்கிறது. இது 4:2:0 போல நிறத்தைக் கண்மூடித்தனமாகத் தூக்கி எறிவதில்லை. கண்ணுக்கு வேறுபாடு தெரியாதபடி படத்தைச் சுருக்கி அனுப்பி, திரைக்குள் விரிக்கிறது. ஆனால் இரண்டு முனைகளும் அதை அறிந்திருக்க வேண்டும். ஒன்று அறியாவிட்டாலும் 144 கிடைக்காது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளர் படித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். படித்தாலும் புரியாதபடி பெட்டியில் எழுதியிருக்கும்போது எதைப் படிப்பது? எச்டிஎம்ஐ 2.1 என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் வந்த அந்தத் தரத்தின் உச்சம் 48 கிகாபிட். ஆனால் அந்த வேகம் கட்டாயம் அல்ல, விருப்பத் தேர்வு. பழைய 2.0 தரம் இப்போது 2.1க்குள் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே 18 கிகாபிட்டைத் தாண்ட முடியாத துளைக்கும் 2.1 என்று பெயர் போடலாம். எந்தெந்த வசதிகள் உண்டு என்பதைக் கூடவே சொல்ல வேண்டும் என்பது அந்தத் தரத்தை நிர்வகிப்பவர்களின் நிபந்தனை. 2.1 என்ற எண் பெட்டியின் முகப்பில் இருக்கும். வசதிகளின் பட்டியலை வாங்குபவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

கேபிளிலும் இதே கூத்து. கேபிளுக்குப் பதிப்பு எண்ணைப் போடக்கூடாது என்பதே எச்டிஎம்ஐ விதி. 48 கிகாபிட் தாங்கும் கேபிளின் பெயர் அல்ட்ரா ஹை ஸ்பீட். அதன் உறையில் கைப்பேசியால் வருடிச் சரிபார்க்கக்கூடிய சான்று ஒட்டு இருக்க வேண்டும். "2.1 கேபிள்" என்று மட்டும் எழுதி, அந்த ஒட்டு இல்லாமல் தொங்கும் கேபிளை எடுக்காதீர்கள்.

தவறான வணிக விவரிப்பைத் தடுக்க நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனால் இங்கே பெட்டியில் உள்ள எந்தச் சொல்லும் தனியாகப் பார்த்தால் பொய் இல்லை. திரை 4கே காட்டும், 144 ஹெர்ட்ஸும் காட்டும். எந்தத் துளையில், எவ்வளவு நிறத்துடன், சுருக்கியா சுருக்காமலா என்பதைச் சொல்லாமல் விடுவதில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது.

வாங்குபவர் வீட்டில் என்ன கணினி வைத்திருக்கிறார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று தயாரிப்பாளர்கள் கேட்கலாம். அது அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் முகப்பில், 144 என்ற எண்ணுக்குக் கீழே, ஒவ்வொரு துளைக்கும் ஒரு வரி போதும். "இந்தத் துளையில் 144 ஹெர்ட்ஸ் கிடைக்க உங்கள் கணினியில் இத்தனை கிகாபிட் துளை வேண்டும், டிஎஸ்சி வேண்டும், இல்லாவிட்டால் 60 ஹெர்ட்ஸ்." மடிக்கணினி தயாரிப்பாளரும் துளையின் பெயருக்குப் பதிலாக அதன் கிகாபிட் எண்ணை எழுதட்டும். இரண்டு எண்களை ஒப்பிடுவது பள்ளிப் பிள்ளைக்கும் முடியும்.

அந்த ஒரு வரி வரும்வரை, பணத்தைக் கொடுக்கும் முன் உங்கள் மடிக்கணினியையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கேயே இணைத்து, Advanced display பக்கத்தைத் திறந்து, வேகம் 144 என்றும் நிறம் RGB என்றும் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்த பிறகு பணத்தை எடுங்கள்.