வாட்ச்சில் பார்க்கலாம், பதில் பிறகு

காலை எட்டு மணிக்குப் பேராதனைப் பக்கம் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களைப் பாருங்க. ஒரு கை மேலே கம்பியில், மற்றக் கை பையைப் பிடித்தபடி. ஃபோனை வெளியே எடுக்க மூன்றாவது கை இல்லை. ஆனால் கம்பியைப் பிடித்த கையின் மணிக்கட்டு சரியாகக் கண்ணுக்கு நேரே இருக்கும். அதில் ஒரு ஸ்மார்ட்வாட்ச் அதிர்ந்தால் பார்க்காமல் யார் இருப்பார்? வசதி உண்மையானதுதான், அதை மறுக்க வரவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: மெயில் விஷயத்தில் வாட்ச் முடிவெடுக்கிற இடம், பதில் எழுதுகிற இடம் இல்லை. வாகனத் திரை என்றால் இரண்டுக்குமே இடமில்லை.

முதலில், கையில் கட்டியிருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். விலை குறைந்த ஃபிட்னஸ் பேண்ட்களில் மெயில் என்று எதுவும் வருவதில்லை. ஃபோனில் மேலே வந்து விழுகிற அறிவிப்பின் எழுத்தை ப்ளூடூத் வழியாக வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அனுப்பினவர் பெயர், தலைப்பு, முதல் இரண்டு மூன்று வரி. சில பேண்ட்களில் தமிழ் எழுத்துரு இல்லாததால் தமிழில் வந்த மெயில் வெறும் பெட்டி பெட்டியாகத் தெரியும். ஆப்பிள் வாட்ச், ஜிமெயில் ஆப் உள்ள வேர் ஓஎஸ் வாட்ச் மாதிரியானவை வேறு ரகம். அவற்றில் மெயிலையே திறக்கலாம், அழிக்கலாம், பதிலும் அனுப்பலாம்.

இந்த இரண்டு ரகத்துக்கும் நடுவே, நிறையப் பேர் கவனிக்காத ஒரு வித்தியாசம் இருக்கிறது. மெயில் வாசிக்கப்பட்டதா இல்லையா என்பது உங்கள் ஃபோனில் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை. மெயில் சேர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு சின்ன அடையாளம் வைத்திருக்கிறது. ஐமேப் முறையில் அதன் பெயர் `\Seen`. எந்தக் கருவியில் திறந்தாலும் அந்த அடையாளம் விழும், மற்ற எல்லாக் கருவியிலும் அந்த மெயிலின் தடித்த எழுத்து மெலிந்துவிடும். பேண்டில் அறிவிப்பை மட்டும் பார்த்தால் அது விழாது; ராத்திரி லெப்டொப்பைத் திறக்கும்போது மெயில் இன்னும் தடித்த எழுத்தில் காத்திருக்கும். வாட்ச்சில் திறந்து பார்த்தீர்கள் என்றால், அரை நிமிடம் கண்ணை ஓட்டியதற்கே அது 'வாசித்தது' கணக்கில் சேர்ந்துவிடும். நாம எல்லாரும் தடித்த எழுத்தை நம்பித்தான் இன்பொக்ஸை வைத்திருக்கிறோம். அது போய்விட்டால் மெயிலும் போன மாதிரித்தான். மெயிலைத் தவறவிடுகிறவர்கள் எல்லாரும் பார்க்காமல் தவறவிடுகிறவர்கள் இல்லை. அரைகுறையாகப் பார்த்ததாலேயே தவறவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். இறுதியாண்டு மாணவி ஒருத்தி, பஸ் கெட்டம்பே தாண்டுகிறது, வாட்ச் அதிர்கிறது. ஆய்வேட்டு மேற்பார்வையாளரிடமிருந்து மெயில். திரையில் தெரிவது இவ்வளவு: இரண்டாம் அத்தியாயம் பார்த்தாகிவிட்டது, குறிப்புகள் இணைப்பில், வியாழன் பத்து மணிக்கு வர முடியுமா? கீழே தயாராக ஒரு பதில்: Sounds good! ஒரு தட்டு தட்டினால் முடிந்தது.

இதே மெயிலைப் பெரிய திரையில் திறந்தால் வேறு மூன்று விஷயம் தெரிந்திருக்கும். ஒன்று, நகல் வரிசையில் இன்னொரு லெக்சரரும் இருக்கிறார். சந்திப்பு இரண்டு பேரோடு. இரண்டு, கடைசிப் பந்தியில் ஒரு வரி இருக்கிறது: திருத்திய அத்தியாயம் புதன் மாலை நான்கு மணிக்குள் வர வேண்டும். மூன்று, இணைப்பில் உள்ள பிடிஎஃப்பில் பன்னிரண்டு பக்கத்துக்குக் குறிப்புகள். வாட்ச்சில் அந்த இணைப்பின் பெயர் தெரியும். உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி அதைத் திறக்க முடியாது. அவள் 'சரி' என்றது வியாழக்கிழமைக்கு. சேர் விளங்கிக்கொண்டது புதன், வியாழன் இரண்டுக்கும். பொய் யாரும் சொல்லவில்லை. ஆனால் அவள் தராத ஒரு வாக்குறுதி இப்போது எழுத்தில் இருக்கிறது. பதில் அனுப்பியாச்சு என்பதால் அந்த மெயிலை அவள் மறுபடி திறக்கப் போவதும் இல்லை.

அவள் செய்திருக்க வேண்டியது பதிலைவிடச் சின்ன வேலை. கொடி அல்லது நட்சத்திரம் ஒன்றைப் போடுவது, Mark as unread என்பதைத் தட்டுவது. வாட்ச்சில் திறக்கிற மெயில் ஆப்களில் இதற்கு இரண்டு மூன்று தட்டல் போதும். இப்போது தடித்த எழுத்து திரும்ப வந்துவிட்டது, அடையாளமும் இருக்கிறது. மிச்சம் லைப்ரரியில் உட்கார்ந்த பிறகு.

அப்போ வாட்ச்சில் எதற்குமே பதில் போடக் கூடாதா? போடலாம். நான் வைத்திருக்கிற சோதனை இது. கேள்வி முழுசாகத் திரையில் தெரிய வேண்டும், ஸ்க்ரோல் பண்ண வேண்டி இருக்கக் கூடாது. பதில் ஒரு சொல்லில் அடங்க வேண்டும். அந்தப் பதில் பிழையாகப் போனாலும் ஒரு ஃபோன் கோலில் சரி செய்கிற அளவுதான் சேதம் இருக்க வேண்டும். "நாடக ஒத்திகைக்கு இன்றைக்கு வருகிறாயா?" என்பது மூன்றிலும் தேறும். வகுப்பறை மாறிய அறிவித்தல் பதிலே கேட்கவில்லை. பார்த்தால் போதும், அந்த இடத்தில்தான் வாட்ச் உண்மையாகவே உதவுகிறது. இணைப்பு உள்ளது, திகதி உள்ளது, பணம் உள்ளது, உங்களைத் தவிர இன்னொருவரின் பெயர் உள்ளது, இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் பிறகுதான்.

தயார்ப் பதில்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கூகுள் 2015இல் ஸ்மார்ட் ரிப்ளை வசதியைக் கொண்டுவந்தபோது, ஆரம்பச் சோதனைகளில் அது கிட்டத்தட்ட எந்த மெயிலுக்கும் I love you என்று பதில் முன்மொழிந்ததாக அவர்களே எழுதினார்கள். மனிதர்கள் அடிக்கடி எழுதுகிற சொற்றொடர் என்பதால், நிச்சயமில்லாத இடத்தில் பாதுகாப்பான பதில் அதுதான் என்று கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது! அதைத் திருத்தினார்கள். ஆனால் அடிப்படை இன்னும் அதேதான்: பெரும்பாலானவர்கள் என்ன எழுதுவார்களோ அதைத் தருகிறது. 'சேர்', 'மிஸ்' என்று தொடங்கி எழுதுகிற நமக்கு, ஆச்சரியக்குறி போட்ட இரண்டு ஆங்கிலச் சொல் என்ன தொனியில் போய்ச் சேரும் என்று யோசிக்க வேண்டும். பீடத் தலைவருக்கு Got it! என்று நீங்களாக ஒருநாளும் எழுத மாட்டீங்க.

இனி வாகனம். இங்கே ஓடுகிற கார்களில் நிறைய, ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை. அவற்றில் வரும் திரை ஜப்பானிய மொழியில் இருப்பதால் பலர் அதைக் கழற்றிவிட்டு ஓர் அண்ட்ரொயிட் ப்ளேயர் போட்டுக்கொள்கிறார்கள். அண்ட்ரொயிட் ஓட்டோ என்பதும் இதுவும் ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. அண்ட்ரொயிட் ஓட்டோ, கார்ப்ளே இரண்டும் ஃபோனிலிருந்து சில ஆப்களை மட்டுமே திரைக்கு விடும். அங்கே ஜிமெயில் ஐகொனாகவே வராது. குறுஞ்செய்தி வந்தால்கூட ஓடும்போது எழுத்தைக் காட்டாமல் வாசித்துத்தான் சொல்லும். கடையில் போடுகிற அண்ட்ரொயிட் ப்ளேயர் அப்படியில்லை. அது டாஷ்போர்டில் ஒட்டிய ஒரு டெப்லெட். ஜிமெயிலை இறக்கினால் ஓடும்போதும் முழு இன்பொக்ஸும் திறக்கும். இந்த ப்ளேயர்கள் பலவற்றில் ஹேண்ட்பிரேக்குக்கு என்று ஒரு வயர் உண்டு; பிரேக் போட்டிருந்தால்தான் வீடியோ ஓடும் என்பதற்காக. பூட்டும்போதே அதை நேராக பொடியில் பிடித்துவிட்டால் அந்தத் தடையும் போய்விடும். ஆக அந்தத் திரையில் எதையும் தடுக்க ஒன்றும் இல்லை, ஓட்டுகிறவரைத் தவிர.

அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2013இல் வாகனத் திரைகளுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஒரு தடவை கண்ணைத் திருப்பினால் இரண்டு விநாடிக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் அளவுகோல். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு விநாடி என்றால் 22 மீற்றர், கிட்டத்தட்ட இரண்டு பஸ் நீளம். இரண்டு விநாடியில் மெயிலின் தலைப்பைத்தான் வாசிக்கலாம். வில்லியம் கோபல்லாவ மாவத்தை நெரிசலில் முன்னால் போகும் ஓட்டோ திடீரென்று நிற்க அந்தத் தூரம் தாராளம்.

"நான் பார்க்கிறதில்லை, வாசிக்கத்தான் சொல்றேன்" என்பவர்களுக்கும் பதில் உண்டு. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் குரல் கட்டளைகளைச் சோதித்தார்கள். வேலை முடிந்த பிறகும் ஓட்டுநரின் கவனம் முழுசாகத் திரும்ப, மோசமான அமைப்புகளில் 27 விநாடி வரை எடுத்தது. அதே 40 கிலோமீற்றர் வேகத்தில் இது 300 மீற்றர். கடுகண்ணாவை ஏற்றத்தில் 300 மீற்றருக்குள் எத்தனை வளைவு வரும் என்று அந்த வழியாகக் கொழும்புக்குப் போய் வந்த எல்லாருக்கும் தெரியும். கை ஸ்டியரிங்கில், கண் வீதியில், மனம் மட்டும் இன்னும் மேலாளரின் மெயிலில். மெயிலுக்கு இது இன்னும் பொருந்தும். குறுஞ்செய்தி மாதிரி அது ஒரு வரியில் முடிவதில்லை, கேட்கக் கேட்க மனதுக்குள் பதிலும் எழுதத் தொடங்கிவிடுகிறோம்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. வேலையே ஓட்டம்தான் என்கிறவர்கள், விற்பனைப் பிரதிநிதி, பொருள் கொண்டு போகிறவர், என்ன செய்வது? உடனே பதில் தேவைப்படுகிற செய்தி அவர்களுக்கு வரும்தான். ஆனால் அவசரமாகத் தேவைப்படுகிறவர் மெயில் போடுவதில்லை, கோல் எடுப்பார். மெயில் என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே 'உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது' என்ற பொருள் இருக்கிறது. அந்தச் சலுகையை அனுப்பினவர் தந்துவிட்டார், வாங்கிக்கொள்ளாமல் இருப்பது நாம்தான். பேராதனைச் சந்தியில் ஓரமாக நிறுத்திப் பார்த்தால் பத்து நிமிடம் போகும். பெரும்பாலான மெயிலுக்குப் பத்து நிமிடம் ஒரு தாமதமே இல்லை.

கட்டுப்பாட்டை விரல் நுனிக்கு விடுவதைவிட ஃபோனுக்கு விடுவது இலகு. ஜிமெயில் ஆப்பில் Settings போய், உங்கள் கணக்கைத் தட்டி, அறிவிப்புப் பகுதியில் High priority only என்று மாற்றுங்க. ஆப்பிளின் மெயில் ஆப் என்றால் மேற்பார்வையாளர், பீட அலுவலகம் மாதிரி நான்கைந்து முகவரியை VIP ஆக்கி, வாட்ச்சுக்கு அவை மட்டும் வரச் செய்யுங்க. தள்ளுபடி விளம்பரத்துக்கு மணிக்கட்டு அதிரத் தேவையில்லை. வாகனத்து ப்ளேயரில் ஜிமெயில் இருந்தால், கணக்கையே அதிலிருந்து எடுத்துவிடுங்க. பின் சீட்டில் இருப்பவர் உங்கள் இன்பொக்ஸை வாசிப்பதும் அதோடு நிற்கும், நாளைக்குக் காரை விற்கும்போது மெயிலையும் சேர்த்து விற்கிற கவலையும் இருக்காது.