பூட்டிய வீட்டுக்கு யாரிடம் சாவி?

போன வாரம் எங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் பழைய செய்தி ஒன்று திரும்பவும் சுற்றி வந்தது. "இரண்டு வருஷம் கூகுள் கணக்கைத் திறக்காவிட்டால் யூடியூப் சேனலையே அழித்து விடுவார்கள்" என்று. உடனே இன்னொருவர், "அதெல்லாம் புரளிங்க, வீடியோ இருக்கிற கணக்கை அழிக்க மாட்டேன்னு அவங்களே சொல்லியாச்சு" என்று பதில் போட்டார். இரண்டு பேரும் பாதி சரி, பாதி தப்பு. பாதி சரியானதை நம்பி ஏமாந்தவர்களை வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்து விடலாம். 2023 மே மாதம் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இரண்டு ஆண்டுகள் எந்த வகையிலும் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை, அதிலுள்ள கடிதம், படம், கோப்பு எல்லாவற்றோடும் சேர்த்து அழிக்கலாம், அதுவும் 2023 டிசம்பர் 1-க்கு முன்னால் தொடங்காது என்பது அதன் சாரம். பள்ளி, அலுவலகக் கணக்குகளுக்கு இது பொருந்தாது. உலகம் முழுக்க ஒரு கூக்குரல் கிளம்பியது. செத்துப் போனவர்களின் பழைய வீடியோக்கள் என்ன ஆகும் என்று கேட்டார்கள். யூடியூப் வீடியோ உள்ள கணக்குகளை அழிக்கும் திட்டம் இப்போதைக்கு இல்லை என்று கம்பெனி விளக்கம் சொன்னது. ஆகஸ்டில் வந்த மின்னஞ்சலிலும் யூடியூப் சேனல் உள்ள கணக்குகள் விதிவிலக்கு என்று போட்டிருந்தது.

என் சண்டை அந்த "இப்போதைக்கு" என்ற ஒரு சொல்லோடுதான்.

எங்கள் வங்கியில் "இப்போதைக்கு" என்று எழுதிக் கொடுத்த எந்தக் காகிதத்துக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. தேதி இருக்கும், நிபந்தனை இருக்கும், மீறினால் யாரிடம் போக வேண்டும் என்று இருக்கும். இங்கே ஒன்றும் கிடையாது. போதாக்குறைக்கு யூடியூப் தன் சொந்த விதிகளில் இன்னொரு பத்தி வைத்திருக்கிறது. மிக நீண்ட காலம் செயல்படாத கணக்கை முன்னறிவிப்பு இல்லாமலே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றும், ஆறு மாதம் உள்ளே நுழையாதிருப்பது செயல்படாமைக்கு ஓர் அடையாளம் என்றும் அது சொல்கிறது. எல்லாருடையதையும் அப்படி எடுத்து விட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எடுக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு "இப்போதைக்கு எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். ஒரு விதி ஆறு மாதம் என்கிறது, இன்னொன்று இரண்டு வருஷம் என்கிறது, மூன்றாவது விலக்கு உண்டு என்கிறது. ஏனுங்க, இதில் எதை நம்பிப் படுத்துத் தூங்குவது?

இதையே வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சேமிப்புக் கணக்கில் இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாவிட்டால் அது செயல்படாத கணக்கு ஆகிவிடும். இரண்டு வருஷம் என்பது இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான். ஆனால் பணத்தை யாரும் தீ வைத்துக் கொளுத்துவதில்லை. வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். பத்து வருஷம் ஆனால் அந்தத் தொகை ரிசர்வ் வங்கியின் டெபாசிட்தாரர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போகும். போன பிறகும் வாரிசு வந்து அதே கிளையில் கேட்டால் கொடுத்தாக வேண்டும். கணக்குக்காரரைத் தேடு, நாமினியைத் தேடு என்று வங்கிகளுக்கு உத்தரவே இருக்கிறது. கேட்பாரற்ற பணத்தை மக்கள் தேடிக்கொள்ள 'உத்கம்' என்று ஓர் இணையதளம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதே ஆகஸ்டில்தான் மேற்படி மின்னஞ்சலும் வந்தது என்பதை நான் மறக்கவில்லை.

கூகுள் எச்சரிக்கை அனுப்பாமல் அழிப்பதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அழிப்பதற்குச் சில மாதம் முன்பிருந்தே பல தடவை அந்தக் கணக்குக்கும், மீட்பு மின்னஞ்சல் கொடுத்திருந்தால் அதற்கும் கடிதம் போகும். ஆனால் இரண்டு வருஷமாகத் திறக்காத பெட்டிக்கே கடிதம் போட்டு "பெட்டியைத் திறக்கவில்லையே" என்று கேட்பதில் என்ன நியாயம்?

இது எனக்கு எப்படித் தைத்தது என்று சொல்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்துத் தமிழாசிரியர், என் நாற்பது வருஷ நண்பர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு சின்னக் கேமராவை எடுத்துக்கொண்டு கோயில் நோம்பி, வள்ளி கும்மி, உடுக்கைப் பாட்டு என்று தேடித்தேடிப் பதிவு செய்தார். நூற்று அறுபதுக்கு மேல் வீடியோ இருக்கும். பார்வையாளர்கள் சொற்பம். ஆனால் அண்ணன்மார் கதையை இரவு முழுக்கப் பாடக்கூடிய ஒரு பாடகர் அதில் இருக்கிறார், அவர் இப்போது இல்லை.

நண்பர் 2021-இல் காலமானார். ஈமக்காரியம், சொத்துப் பத்திரம், பென்ஷன் என்று குடும்பம் ஓடியது. அவருடைய செல்போனுக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் பயன்பாடில்லாத எண்ணை முடக்கி, பிறகு வேறொருவருக்குக் கொடுத்து விடுவார்கள். அப்படியே ஆனது. பாஸ்வேர்டு அவர் தலைக்குள் இருந்தது. பழைய போனைப் பேரன் விளையாட எடுத்து, முழுக்கத் துடைத்துப் புதிதாக்கி விட்டான். போன வருஷம் மகள் ஈரோட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"மாமா, அப்பா சேனல்ல ஒருத்தர் வந்து கேட்டிருக்காருங்க, எங்க தாத்தா பாடினது முழுசா கெடைக்குமான்னு. பதில் போடலாம்னு பார்த்தா உள்ளயே போக முடியல. கோட் அப்பா நம்பருக்குப் போகுது, அந்த நம்பர்ல யாரோ ஒருத்தர் ஓசூர்லருந்து பேசறாருங்க."

அந்தப் பெரிய கம்பெனியை இதில் நான் குறை சொல்ல மாட்டேன். பூட்டிய வீட்டில் அந்நியனை விடாத காவலாளி அவன். அந்த ஓசூர்க்காரருக்கே கோட் சொல்லி உள்ளே விட்டிருந்தால்தான் நாம் கத்தியிருப்போம். குறை எங்கள் மேல். நாங்கள் சாவியை ஒரே ஆளின் தலையில் வைத்தோம்.

அவர் கடைசியாக உள்ளே போனது 2021 மார்ச் வாக்கில். இரண்டு வருஷம் 2023 மார்ச்சிலேயே முடிந்து விட்டது. சேனல் இன்றும் இருக்கிறது, நான் தினமும் ஒரு வீடியோ பார்க்கிறேன். ஆனால் என் பார்வை அவர் கணக்கை உயிரோடு வைக்காது. கணக்குக்குரியவர் உள்ளே நுழைந்து ஒரு கடிதம் படித்தால், ஒரு வீடியோ பார்த்தால், ஒன்றைத் தேடினால்தான் அது பயன்பாடு. வீட்டு டிவியில் சைன் இன் செய்யாமல் பத்து மணி நேரம் பார்த்தாலும் எண்ணிக்கையில் சேராது. ஆக அந்தச் சேனல் நிற்பது அந்த "இப்போதைக்கு" மேல். கணக்கே ஒருநாள் நீக்கப்பட்டால் வீடியோவும், அவர் எழுதிய கருத்துகளும் சேர்ந்து போகும். அந்த ஜிமெயில் முகவரியைக்கூட மறுபடி யாரும் எடுக்க முடியாது.

மகள் இப்போது செய்யக்கூடியது ஒன்றுண்டு. இறந்தவர் கணக்கு பற்றி விண்ணப்பிக்க கூகுளில் ஒரு படிவம் இருக்கிறது. அடையாளச் சான்று, இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். கணக்கை மூடவோ, சில சமயம் உள்ளே இருப்பதைத் தரவோ ஒப்புக்கொள்ளலாம். பாஸ்வேர்டு மட்டும் தர மாட்டார்கள். விண்ணப்பம் போட்டிருக்கிறாள், பதில் வந்தபாடில்லை.

உயிரோடு இருக்கும்போது செய்திருக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வங்கி நாமினி படிவம் போன்றது. கணக்கின் "Data & privacy" பக்கத்தில் கீழே போனால் `Inactive Account Manager` இருக்கிறது. நேரே போக வேண்டுமானால் `myaccount.google.com/inactive` என்று தட்டலாம். மூன்று, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு மாதம், இதில் எத்தனை மாதம் மௌனமாக இருந்தால் தகவல் போக வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பத்துப் பேர் வரை பெயர் கொடுக்கலாம். அவர்கள் தொலைபேசி எண்ணையும் கொடுத்தால், அதை வைத்துச் சரிபார்த்து உங்கள் தரவைப் பதிவிறக்க விடுவார்கள். இதற்கு எல்லையும் உண்டு. நாமினி கையில் வருவது நகல்தான். சேனலை அவர் தொடர்ந்து நடத்த முடியாது.

நடத்த வேண்டுமென்றால் இரண்டாவது வேண்டும். சேனல் உங்கள் சொந்தக் கணக்கோடு ஒட்டியிருக்கும் வரை அந்தக் கணக்கு போனால் சேனலும் போகும். அதை `Brand Account` என்ற தனிக் கணக்குக்கு மாற்றினால் ஒன்றுக்கு மேற்பட்ட உரிமையாளர்களை வைக்கலாம். மகனையோ மகளையோ உரிமையாளராகச் சேருங்கள். சேர்த்து ஏழு நாள் கழிந்த பிறகுதான் அவரை முதன்மை உரிமையாளர் ஆக்க முடியும், அதனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு யோசிக்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். மாற்றும்போது ஒரு கவனம். காலியாகப் புதிதாகத் தொடங்கிய பிராண்டு சேனலுக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே வீடியோ உள்ள சேனலைத் தேர்ந்தெடுத்தால் அந்த வீடியோக்கள் போய்விடும். எச்சரிக்கை திரையில் வரும், அவசரத்தில் தட்டி விடுவோம்.

இவையெல்லாம் நம் கடமை என்று சொல்லிக் கம்பெனி தப்பிக்கவும் விட மாட்டேன். வங்கியில் கணக்குத் தொடங்கும் படிவத்திலேயே நாமினிக்குக் கட்டம் இருக்கிறது. நாமினி வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொள்கிறோம். சேனல் தொடங்கும் அன்றே "உங்களுக்குப் பின் யார்?" என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன கெட்டுப் போகும்? நூறு வீடியோ ஏற்றியவரிடம் ஒரு தடவையாவது கேட்கலாமே. பணத்தைத் தேடி வாரிசிடம் ஒப்படைக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஊர்ப்பாட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. இந்த விதியை எழுத அரசாங்கத்துக்கு மனம் வந்தால் ரிசர்வ் வங்கியின் ஒரு சுற்றறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மாலையில் எழுதி விடலாம்.

நேற்று மகளிடம் பேசினேன். தன் வீட்டில் ஓர் ஹார்ட் டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறாளாம். "அப்பாவோட மெமரி கார்டு ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குங்களா மாமா?" என்று கேட்டாள். என் மேசை டிராயரில் இரண்டு இருக்கிறது. ஒன்றில் திருவிழா, இன்னொன்று எதுவென்று இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டு பஸ் பிடிக்கிறேன்.