அடையாள அட்டை இலக்கம் சொல்லிவிடும் வயது

யாழ்ப்பாண நகரக் கடையொன்று கணக்கு எழுத ஆள் தேடுகிறது; படம், வயது, திருமண நிலை மூன்றையும் கேட்கிறது. நெடுந்தீவிலிருந்து விண்ணப்பிக்கும் பெண் வயதை விட்டுவிட்டு அடையாள அட்டை இலக்கத்தை எழுதினால் பயனில்லை. பழைய இலக்கம் 95620 என்று தொடங்கினால் அவர் 1995இல் பிறந்த பெண்: முதல் இரண்டும் ஆண்டு, அடுத்த மூன்றும் பிறந்த நாளின் வரிசை எண், பெண்களுக்கு அதோடு 500 கூடும். 12 இலக்கப் புதிய அட்டையில் ஆண்டு முழுதாகவே இருக்கிறது. எனவே இலக்கத்தை நேர்முகத் தேர்வில் தருவதாக எழுதலாம். வயதெல்லை போட்டிருந்தால் "எல்லைக்குள் உள்ளேன்" என்பதே போதும். படத்தை அனுப்பிவிடுங்கள், அதில் பிடிவாதம் பிடித்தால் விண்ணப்பமே ஒதுக்கப்படலாம்.

திருமண நிலையைக் கேட்பவரின் மனதில் பெரும்பாலும் இருப்பது, ஒழுங்காக வருவாரா என்ற ஐயம். கடல் கொந்தளித்தால் குறிகட்டுவான் படகு ஓடாது என்பதால் தீவுப் பெண்ணிடம் அது இரட்டிப்பாகும். அந்த ஐயத்துக்கே பதில் எழுதுங்கள்: "வேலை நாட்களில் நகரில் உறவினர் வீட்டில் தங்குவேன்; முதலாம் திகதியே தொடங்கலாம்." உண்மையாக இருந்தால் மட்டும். அரச படிவம் வேறு கதை: வெறுமையான ஒரு கட்டமே நிராகரிப்புக்குக் காரணமாகலாம், அங்கே எல்லாவற்றையும் நிரப்புங்கள்.