வெண்ணெய் தடவாத டின்... தலைகீழாகத் தொங்கும் கேக்!

கேக் செய்யப் பழகும் எல்லோருக்கும் முதல் பாடம், டின்னில் வெண்ணெய் தடவி மாவு தூவுவதுதான். கை பழகிவிட்டால் யோசிக்காமலே அந்த வேலை நடந்துவிடும். ஆனால், அந்த நல்ல பழக்கமே காலை வாரிவிடும் கேக்குகள் இரண்டு உண்டு. ஒன்று ஏஞ்சல் ஃபுட் கேக், இன்னொன்று ஷிஃபான் கேக்.

வெண்ணெய் தடவிய டின்னில் ஷிஃபான் மாவை ஊற்றினால் என்ன ஆகும்? ஓவனில் பாதி உயரம் வரை எழும்பும். பிறகு ஓரமெல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒருவேளை தப்பித்து முழுசாக வெந்துவிட்டாலும், ஆறுவதற்காக டின்னைக் கவிழ்த்துவைத்த கொஞ்ச நேரத்தில் 'தொப்'பென்று ஒரு சத்தம் கேட்கும். கேக் மேடை மேல் கிடக்கும், டின் மட்டும் மேலே நிற்கும்.

இரண்டில் ஏஞ்சல் ஃபுட் மூத்தது. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்கச் சமையலறைகளில் பிரபலமானது. இதில் மஞ்சள்கரு கிடையாது, வெண்ணெய் கிடையாது, பேக்கிங் பவுடரும் கிடையாது. ஒரு பெரிய கேக்குக்கு சுமார் 12 முட்டைகளின் வெள்ளைக்கரு, நிறைய சர்க்கரை, ஒரு கப் மாவு. அவ்வளவுதான்! வெள்ளைக்கருவை அடிக்கும்போது அதிலுள்ள புரதம் விரிந்து, காற்றுக்குமிழ்களைச் சுற்றி மெல்லிய தோல் போலப் படிகிறது. ஓவன் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று பெருகும், ஈரம் ஆவியாகும், குமிழ்கள் ஊதும். கேக்கைத் தூக்குவது அந்த நுரை மட்டும்தான்.

அப்படி எழும்பும் மாவுக்குப் பிடிமானம் வேண்டும். பந்தலில் கொடி ஏறுவதுபோல, டின்னின் சுவரைப் பற்றிக்கொண்டுதான் அது மேலே ஏறுகிறது. எண்ணெய்ப் பசை இருந்தால் பிடி கிடைக்காது. நான்ஸ்டிக் டின்னும் சிலிக்கான் அச்சும்கூட அதே காரணத்தால்தான் இதற்கு ஆகாது. பளபளப்பில்லாத சாதாரண அலுமினிய டின் போதும். நடுவில் குழாய் வைத்த டின் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்தக் குழாய் மாவு ஏறுவதற்கு இன்னொரு சுவர். நடுப்பகுதிக்குச் சூட்டைக் கொண்டுபோவதும் அதுதான்.

சரி, கவிழ்த்துவைப்பது ஏன்? ஓவனிலிருந்து வெளியே வந்த கேக் வெந்திருக்கும், ஆனால் இறுகியிருக்காது. மாவு குறைவு என்பதால் எலும்புக்கூடு பலவீனம். நிமிர்த்திவைத்தால் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் அமுங்கிவிடும். தலைகீழாகத் தொங்கும்போது அதே எடை கேக்கைக் கீழ்நோக்கி இழுத்து, விரித்தபடியே வைத்திருக்கும். ஆறி இறுகிய பிறகு அமுங்கப் பயமில்லை. ஆனால் தொங்க வேண்டுமென்றால் ஒட்டியிருக்க வேண்டுமே! வெண்ணெய் கூடாது என்பதன் இரண்டாவது காரணம் இதுதான்.

ஏஞ்சல் ஃபுட் கேக்கில் ஒரு குறை... கொழுப்பே இல்லாததால் தித்திப்பு தூக்கலாகவும், கொஞ்சம் சவ்வு மாதிரியும் இருக்கும். இதைச் சரிசெய்தவர் ஹாரி பேக்கர். லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த இவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாக இருந்தவர். 1927-ல் இவர் கண்டுபிடித்த கேக், ஹாலிவுட் நட்சத்திரங்கள் கூடும் 'பிரவுன் டெர்பி' உணவகத்தில் பிரபலமானது. செய்முறையை 20 வருடங்கள் யாருக்கும் சொல்லவில்லை. 1947-ல் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். அடுத்த வருடம் ரகசியம் வெளியே வந்தது. பார்த்தால், அது சமையல் எண்ணெய்!

நுரைக்கு எண்ணெய் எதிரி என்று சொல்லிவிட்டு, எண்ணெயை ஊற்றுவதா? சூட்சுமம் வரிசையில் இருக்கிறது. எண்ணெயை முதலில் மஞ்சள்கரு, தண்ணீர், மாவோடு சேர்த்துக் குழைத்துவிட வேண்டும். மஞ்சள்கரு எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். வெள்ளைக்கருவைத் தனியாக அடித்து, நுரை உறுதியான பிறகுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும். வெண்ணெய் ஃப்ரிட்ஜில் இறுகும், எண்ணெய் இறுகாது. அதனால் ஷிஃபான் கேக் மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தாலும் பஞ்சாகவே இருக்கும்.

வீட்டில் செய்ய 17 செ.மீ. குழாய் டின்னுக்கான அளவு இது. மூன்று மஞ்சள்கரு, 20 கிராம் சர்க்கரை, 40 மி.லி. வாசனையில்லாத எண்ணெய், 45 மி.லி. தண்ணீர் நான்கையும் அடித்துக் கலக்கவும். 60 கிராம் மைதாவையும் 10 கிராம் சோள மாவையும் (கார்ன்ஃப்ளார்) சேர்த்துச் சலித்து, கட்டியில்லாமல் கரைக்கவும். இன்னொரு பாத்திரத்தில் நான்கு வெள்ளைக்கரு, அரை டீஸ்பூன் எலுமிச்சைச்சாறு. முதலில் சோப்பு நுரை போல வரும். அப்போது 50 கிராம் சர்க்கரையை மூன்று தடவையாகச் சேர்த்து அடிக்கவும்.

எவ்வளவு நேரம் அடிப்பது என்பதற்குக் கடிகாரம் உதவாது, பீட்டரைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நுரை பளபளப்பாக நிமிர்ந்து நின்று, நுனி மட்டும் கிளி மூக்கு போல லேசாக வளைந்தால் ஷிஃபானுக்குச் சரியான பதம். ஏஞ்சல் ஃபுட் என்றால் இன்னும் கொஞ்சம் தளர்வாகவே நிறுத்திவிட வேண்டும். ஓவனில் குமிழ் விரிய இடம் வேண்டும். பளபளப்பு போய், பஞ்சுத் துண்டுகள் போல உதிர்ந்தால் அடித்தது அதிகம். அந்த நுரை மாவோடு சேராது.

நுரையில் மூன்றில் ஒரு பங்கை மாவில் போட்டுக் கலந்து இளக்கிக்கொள்ளுங்கள். மீதியை ஸ்பாட்டுலாவால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிச் சேருங்கள். எதுவும் தடவாத டின்னில் முக்கால் அளவு ஊற்றி, ஒரு குச்சியால் சுற்றிவிட்டுப் பெரிய குமிழ்களை உடைக்கவும். முன்பே சூடாக்கிய ஓவனில் 170 டிகிரியில் சுமார் 35 நிமிடங்கள். சின்ன ஓடிஜி என்றால் கீழ்த்தட்டில்தான் வைக்க வேண்டும். இது எழும்பும் எழும்பலுக்கு மேல் கம்பியில் முட்டிக் கருகிவிடும். விரலால் தொட்டால் மேல்பகுதி திரும்ப எழ வேண்டும். எடுத்ததும் கவிழ்த்து, குழாயை ஒரு கண்ணாடி பாட்டிலின் கழுத்தில் மாட்டிவிடுங்கள். முழுசாக ஆற ஒன்றரை, இரண்டு மணி நேரமாகும்.

வெட்டிப் பார்த்தால் தவறு எங்கே என்று கேக்கே சொல்லிவிடும். ஒரு பக்கம் மட்டும் ரப்பர் போல அடர்த்தியான பட்டை இருந்தால், மாவு நுரையோடு முழுசாகக் கலக்காமல் அடியில் தங்கியிருக்கிறது. பக்கவாட்டில் இடுப்பு ஒடுங்கியிருந்தால், வேகவில்லை அல்லது சூடாக இருக்கும்போதே எடுத்துவிட்டீர்கள். டின்னிலும் ஒன்றும் தடவாமல், வெந்தும் இருந்து, உயரமே வரவில்லையா? வெள்ளைக்கரு அடித்த பாத்திரத்தைச் சந்தேகப்படுங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் எவ்வளவு தேய்த்தாலும் எண்ணெய்ப் பசை கொஞ்சம் தங்கும். எவர்சில்வர் பாத்திரத்தை எலுமிச்சைத் துண்டால் துடைத்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. ஒரு சொட்டு மஞ்சள்கரு விழுந்தாலும் நுரை சோர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு முட்டையையும் சின்னக் கிண்ணத்தில் பிரித்த பிறகே மொத்தத்தோடு சேருங்கள். முட்டை ஃப்ரிட்ஜிலிருந்து வந்த உடன் பிரிப்பது சுலபம்.

ஒட்டிக்கொண்டிருக்கும் கேக்கை எப்படி எடுப்பது? மெல்லிய கத்தியை டின் சுவரோடு ஒட்டியபடி, மேலும் கீழும் ஆட்டாமல் ஒரே சுற்றாகச் சுற்றுங்கள். நடுக்குழாயைச் சுற்றி ஒரு குச்சி போதும். அடிப்பாகம் தனியாகக் கழலும் டின் என்றால் அதையும் ஒருமுறை கத்தியால் விடுவித்துவிட்டால், கேக் கைக்கு வந்துவிடும். வெட்டும்போது ரம்பப் பல் கத்திதான் எடுக்க வேண்டும். சாதாரணக் கத்தியால் அழுத்தினால், இவ்வளவு நேரம் தொங்கவிட்டதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.