கட்டுநாயக்கா வேண்டாம், ஒரு தராசு காணும்

"காசில்லை, காட்சியை வெட்டிட்டம்" எண்டு எங்கட குறும்பட இயக்குநர்மார் சாட்டுச் சொல்லுறதை நிப்பாட்டுங்கோ. மதிசுதா 'வெந்து தணிந்தது காடு' படத்தைக் கைத்தொலைபேசியிலதான் எடுத்தார். போரைச் சொல்ல, பங்கர் வாழ்க்கையைச் சுற்றியே கதையை வைச்சார்.

நீங்கள் செய்யிறது வேற. மகன் வெளிநாடு போறான்: விமானநிலையம், வான், வழியனுப்ப 15 சொந்தக்காரர். அதை வெட்டிப்போட்டு, பக்கத்துவீட்டு அக்காவை "அவன் போட்டான்" எண்டு சொல்ல வைக்கிறியள். செலவு மிச்சம்தான், தாயின் மனம் மாறுற இடமும் அதோட போட்டுது.

அந்தக் காட்சியில என்ன மாறுது எண்டதை முதல்ல ஒரு வரியில எழுதுங்கோ. அவன் திரும்பி வரமாட்டான் எண்டு அம்மாவுக்கு விளங்குது. அவ்வளவுதான். அதுக்கு வீட்டு விறாந்தை, ரெண்டு பேர், ஒரு சூட்கேஸ், தூக்குத் தராசு காணும். நிறை 30 கிலோவைத் தாண்டுது. அம்மா கட்டித் தந்த மிளகாய்த்தூளில அவன் கை வைக்கேல்லை. வீட்டுத் திறப்பை எடுத்து மேசையில வைக்கிறான். திறப்பு என்ன பாரம்? அம்மா அதையே பாக்கிறா. வசனம் எழுதிக் கெடுக்காதேங்கோ.